வரைபடத்தில் முகம் எங்கே?

கல்யாண ஆல்பம் கைக்கு வந்ததும் வீட்டார் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான்: “மாப்பிள்ளை ஏன் இவ்வளவு கருத்துத் தெரியிறாரு?” படம் எடுத்தவரிடம் இதற்குச் சட்டென்று பதில் இருக்காது. மண்டபத்தில் கேமராவின் பின்திரையில் பார்த்தபோது அதே முகம் பளிச்சென்றுதான் இருந்தது. திரையை நம்பி அடுத்தடுத்து ‘கிளிக்’ செய்துகொண்டே போயிருப்பார்.

திரை வேண்டுமென்று ஏமாற்றுவதில்லை. அது தன்னுடைய வெளிச்சத்தில் படத்தைக் காட்டுகிறது. நாம் அந்த நேரத்துக் கண்ணால் அதைப் பார்க்கிறோம். சிக்கல் இந்த இரண்டிலும் இருக்கிறது. மணமகன் அறை போன்ற மங்கலான இடத்தில் நம் கண் இருட்டுக்குப் பழகியிருக்கும். அப்போது சிறிய திரை விளக்குப் போல ஒளிரும், ‘அண்டர்’ ஆன படம்கூட சரியாகத் தெரியும். உச்சி வெயிலில் கோயில் பிரகாரத்தில் நின்று பார்த்தால் நிலைமை தலைகீழ். திரை மங்கித் தெரியும், எடுப்பவர் எக்ஸ்போஷரை ஏற்றுவார், முகம் வெளுத்துப் போகும். சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கேற்பத் தன் பிரகாசத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் திரைகளும் உண்டு. அதே படம் காலையில் ஒரு மாதிரியும் மாலையில் வேறு மாதிரியும் தெரிந்தால் எதை வைத்து முடிவெடுப்பது? ஆல்பத் தாளுக்கோ சொந்த வெளிச்சம் கிடையாது. அதில் விழுகிற ஒளியைத்தான் அது திருப்பித் தரும்.

ஆகவே கண்ணை நம்பாத ஒரு சாட்சி தேவைப்படுகிறது. அது எல்லாக் கேமராவிலும் இருக்கிறது. படத்தை மறுபடி பார்க்கும்போது பொத்தானை ஒன்றிரண்டு முறை அழுத்தினால் மலை மாதிரி ஒரு வரைபடம் வரும். அதுதான் ஹிஸ்டோகிராம். இடது ஓரம் முழுக் கருப்பு, அதன் எண் 0. வலது ஓரம் முழு வெள்ளை, 255. இடையில் உள்ள ஒவ்வொரு வெளிச்ச அளவிலும் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றனவோ, அந்த இடத்தில் அந்த அளவுக்கு மலை உயரும். திரையின் பிரகாசத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் இந்த மலை நகராது.

இவ்வளவு தெரிந்தவர்கள்கூட இதைத் தவறாகப் படிப்பதுண்டு. ‘மலை நடுவில் இருக்க வேண்டும், இரண்டு ஓரத்தையும் தொடக் கூடாது’ என்று எங்கோ கேட்டுவிட்டு, நடுவில் மலையைப் பார்த்ததும் திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் ஹிஸ்டோகிராம் ஒரு ஊரின் மக்கள்தொகைக் கணக்கு மாதிரி. எந்த வயதில் எத்தனை பேர் என்று சொல்லும். உங்கள் சித்தப்பா எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று சொல்லாது. முழு உருவப் படத்தில் முகம் எடுத்துக்கொள்ளும் பரப்பு மிகக் கொஞ்சம். வேட்டியும் சட்டையும் சுவரும்தான் மலையாக எழும்பி நிற்கும். முகம் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடாகக் கிடக்கும், அல்லது வேறொன்றின் அடியில் மறைந்துபோகும்.

ஓர் உதாரணத்தை எண்களோடு பார்ப்போம். ஜன்னலோரம் மாப்பிள்ளை நிற்கிறார். பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, மாநிறம். கேமரா அப்பர்ச்சர் முன்னுரிமையில் இருக்கிறது: எஃப் 2.8, ஐ.எஸ்.ஓ. 800. ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுக்கிறது: நொடியில் 250-இல் ஒரு பங்கு. உதவியாளர் திரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்:

“அண்ணே, சூப்பரா இருக்கு.”

“கிராஃபைக் காட்டு.”

“நடுவுலதாண்ணே இருக்கு, எங்கயும் இடிக்கல.”

“நடுவுல இருக்கிறது வேட்டிடா தம்பி. முகம் எங்க இருக்கு?”

கேள்வி நியாயமானது. கேமராவின் ஒளிமானிக்கு வேட்டி தெரியாது, முகம் தெரியாது. இப்போதைய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் சரிசெய்யப் பார்க்கும். ஆனாலும் அதன் அடிப்படைக் கணக்கு, எதிரே இருப்பதெல்லாம் சராசரியாக நடுத்தரச் சாம்பல் என்பதுதான். புகைப்படக்காரர்கள் 18 சதவீதச் சாம்பல் என்று சொல்வது அதைத்தான். விழுகிற ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் பரப்பு அது. சாதாரண ஜேபெக் கோப்பில் அதன் எண் ஏறக்குறைய 118. படத்தில் பாதி வெள்ளைத் துணியாக இருந்தால், ஒளிமானி அந்த வெள்ளையையும் சாம்பல் பக்கம் இழுக்கும். கூடவே முகமும் கீழே இறங்கும்.

நம் உதாரணத்தில் கோப்பைக் கணினியில் திறந்து அளந்தால், வேட்டி ஏறக்குறைய 155-இல் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைத் துணிக்கு அது மிகக் குறைவு. ஒளிபட்ட கன்னத்தில் சிவப்பு 97, பச்சை 71, நீலம் 56. இந்த மூன்றையும் கண் உணரும் விகிதத்தில் சேர்த்தால் (சிவப்புக்கு 30 சதவீதம், பச்சைக்கு 59, நீலத்துக்கு 11) முகத்தின் வெளிச்சம் 77 என்று வரும். மாநிற முகம் நிற்க வேண்டிய இடம் 118-ஐ ஒட்டி. ஆக, மலை நடுவில் அழகாக இருந்தும் முகம் இடப்பக்கம் வெகுதூரம் தள்ளிக் கிடக்கிறது.

எவ்வளவு ஏற்றுவது? ஒரு ஸ்டாப் ஏற்றினால் ஒளி இரண்டு மடங்காகும், ஆனால் கோப்பில் உள்ள எண் இரண்டு மடங்காகாது. நடுப்பகுதியில் அது ஏறக்குறைய 1.37 மடங்குதான் கூடும். ஒன்றே கால் ஸ்டாப்புக்குச் சற்று மேல், அதாவது கேமரா சக்கரத்தில் நான்கு ‘கிளிக்’ ஏற்றினால் 1.5 மடங்கு. ஷட்டரை 250-இலிருந்து 100-க்குக் கொண்டுவந்தால் அந்த அளவு கிடைத்துவிடும். இப்போது கன்னத்தின் எண்கள் 147, 108, 85 ஆகும், வெளிச்சம் 117. வேட்டி 155-இலிருந்து 236-க்குப் போகிறது. துணி வெள்ளையாகவும் இருக்கிறது, மடிப்புகளும் அழியவில்லை. ஹிஸ்டோகிராமைப் பார்த்தால் பெரிய மலை வலது ஓரத்தை நெருங்கி நிற்கும், ‘நடுவில் இருக்க வேண்டும்’ என்று படித்தவருக்குப் பயமாக இருக்கும். ஆனால் படத்தில் பாதி வெள்ளை இருக்கும்போது மலை வலப்பக்கம் நிற்பதுதான் முறை. நடுவில் நின்றால்தான் எங்கோ தவறு.

இதை மண்டபத்திலேயே, கணினி இல்லாமல் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. கேமராவை மேனுவலில் வையுங்கள். முழு உருவம் எடுப்பதற்கு முன், அதே வெளிச்சத்தில், நெற்றி முதல் தாடை வரை முகம் மட்டும் சட்டத்தை நிரப்பும்படி ஒரு சோதனைப் படம் எடுங்கள். அது கொஞ்சம் தெளிவில்லாமல் இருந்தாலும் பரவாயில்லை. இப்போது திரையில் வரும் மலை முகத்தின் மலை மட்டுமே. அது எங்கே நிற்கிறது என்று பார்த்து, ஷட்டரையோ ஐ.எஸ்.ஓ.வையோ மாற்றி வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். பிறகு அந்த அமைப்பைத் தொடாமல் எல்லாப் படத்தையும் எடுக்கலாம், வெளிச்சம் மாறும் வரை. பல நிகான் கேமராக்களில் எடுத்த படத்தையே பெரிதாக்கி முகத்துக்குக் கொண்டுபோனால், அந்தப் பகுதிக்கான ஹிஸ்டோகிராமை மட்டும் காட்டும் வசதியும் உண்டு. அது இருந்தால் சோதனைப் படம்கூட வேண்டாம்.

மேனுவல் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தானியங்கியில் விட்டால், முகத்தில் விழும் ஒளி மாறாமலே எக்ஸ்போஷர் மாறும். வேட்டி நிறையத் தெரியும் முழு உருவத்தில் முகம் கருக்கும். அதே இடத்தில் ‘ஜூம்’ செய்து, பின்னால் கருஞ்சிவப்புத் திரை வரும்படி முகத்தை நெருங்கி எடுத்தால் வெளுக்கும். ஒரே மாப்பிள்ளை, ஒரே ஜன்னல், ஆல்பத்தில் பக்கத்துக்கு ஒரு நிறம். ராவில் எடுத்திருந்தால் ஒரு படத்தை ஏற்றிச் சரிசெய்வது பெரிய வேலையல்ல. நூற்றுக்கணக்கான படங்களை ஒவ்வொன்றாக வெவ்வேறு அளவில் ஏற்றி இறக்குவதுதான் உயிரை வாங்கும்.

முகத்தின் மலை எங்கே நிற்க வேண்டும் என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகத் தருபவர்களை நம்பாதீர்கள். வெளிநாட்டுப் பாடங்கள் பலவற்றில் முகத்தை நடுச்சாம்பலுக்கு ஒரு ஸ்டாப் மேலே வைக்கச் சொல்லியிருக்கும். ஆன்சல் ஆடம்ஸும் ஃப்ரெட் ஆர்ச்சரும் வகுத்த ‘ஜோன்’ முறையில் நடுச்சாம்பல் ஐந்தாம் படி, வெள்ளையரின் முகம் ஆறாம் படி. அவர்கள் ஊர் முகத்துக்கு அது சரி. நம் மாப்பிள்ளையை அங்கே கொண்டுபோய் வைத்தால், முகம் 160-ஐத் தொட்டுச் சோகை பிடித்தது போல ஆகும், வேட்டி 255-ஐத் தாண்டி வெறும் வெள்ளைத் தாளாகும்.

இதற்கு ஒரு நல்ல அளவுகோல் 1976 முதல் இருக்கிறது. மெக்பெத் கலர்செக்கர் என்ற 24 கட்ட வண்ண அட்டையை ஸ்டூடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அதன் முதல் கட்டம் கருந்தோல், இரண்டாவது வெளிர்தோல். வழக்கமான எஸ்ஆர்ஜிபி எண்களில் கருந்தோல் 115, 82, 68. வெளிர்தோல் 194, 150, 130. வெளிச்சமாக மாற்றினால் முதலாவது 90, இரண்டாவது 161. வரைபடத்தின் அகலத்தில் சொன்னால், கருந்தோலின் இடம் இடமிருந்து மூன்றில் ஒரு பங்கைச் சற்றே தாண்டி. வெளிர்தோல் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கி. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு ஸ்டாப். நம் ஊர் முகங்கள் பெரும்பாலும் இந்த எல்லைகளுக்குள் எங்காவது அடங்கும். மாநிறம் நடுவை ஒட்டி. நல்ல கருப்பான முகத்தை இழுத்து நடுவில் வைப்பதுதான் நம் ஸ்டூடியோக்களின் பழைய கெட்ட பழக்கம்; அது எக்ஸ்போஷர் பிழையல்ல, அவர் முகத்தின் மீதான அபிப்பிராயம்.

எண்ணை எங்கே அளக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். நெற்றியில் வேர்வை மின்னும் இடத்தை அளந்தால் 240 காட்டும். அது தோல் அல்ல, விளக்கின் பிரதிபலிப்பு. தாடையின் கீழ் அளந்தால் அது நிழல். குங்குமம், சந்தனம், மீசை, தாடியின் நிழல் எல்லாவற்றையும் தவிர்த்து, விளக்குப் பக்கம் இருக்கும் கன்னத்தில், கண்ணுக்குக் கீழே, மினுமினுப்பு இல்லாத இடம்தான் பொருத்தம். ஃபோட்டோஷாப்பில் ஐட்ராப்பரை எடுத்து மேலே ‘Sample Size’ என்பதை ‘5 by 5 Average’ அல்லது அதைவிடப் பெரியதாக மாற்றிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒற்றைப் பிக்சலின் புள்ளி இரைச்சலைத்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள். ‘Info’ பலகையில் எண்கள் தெரியும். லைட்ரூமில் அதே இடத்தில் சதவீதமாகக் காட்டும். அந்தச் சதவீதம் வேறொரு அகன்ற வண்ண வெளியைச் சேர்ந்தது. அதை அப்படியே 255-ஆல் பெருக்கி ஒப்பிடக் கூடாது. ‘Soft Proofing’ போட்டு sRGB-ஐத் தேர்ந்தெடுத்தால் 0 முதல் 255 வரையிலான எண்கள் கிடைக்கும்.

அந்த மூன்று எண்களின் வரிசை இன்னொன்றையும் சொல்லும். எந்த நிறத் தோலாக இருந்தாலும் சிவப்பு முதலில், அடுத்தது பச்சை, கடைசியில் நீலம். பச்சை சிவப்பில் முக்கால் பங்கு அளவில் இருக்கும், நீலம் பச்சையைவிட இன்னும் கொஞ்சம் குறைவாக. கருந்தோல் கட்டமும் வெளிர்தோல் கட்டமும் நம் மாப்பிள்ளையின் கன்னமும் இந்த விகிதத்தை ஒட்டியே வருவதைப் பாருங்கள். நீலம் பச்சையைத் தொட்டுவிட்டால் முகம் ஊதா அடிக்கிறது என்று பொருள். நீலம் பச்சையில் பாதிக்கும் கீழே போனால் மஞ்சள் ஏறிவிட்டது. திரையின் நிறம் மாறியிருந்தாலும் எண்கள் இதைக் காட்டிக்கொடுக்கும்.

மஞ்சள் என்றதும் மணமேடைக்கு வர வேண்டியிருக்கிறது. அங்கேதான் ஹிஸ்டோகிராமே ஏமாற்றும். மேடையில் மஞ்சள் விளக்குகள், பக்கத்தில் ஓமத் தீ, மணப்பெண்ணுக்கு அரக்குப் பட்டு. எங்கு திரும்பினாலும் சிவப்பு. கேமராவில் சாதாரணமாகத் தெரியும் ஒற்றை வெள்ளை மலை, மூன்று நிறங்களையும் கலந்த வெளிச்சக் கணக்கு. அதில் சிவப்பின் பங்கு 30 சதவீதம்தான். மணப்பெண்ணின் நெற்றியில் சிவப்பு 255, பச்சை 176, நீலம் 120 என்று இருந்தால், கலவை வெளிச்சம் 194 என்றே வரும். வெள்ளை மலை வலது ஓரத்துக்கு வெகு தூரத்தில் நிம்மதியாக நிற்கும். உள்ளே சிவப்பு மட்டும் கூரையில் முட்டி நொறுங்கியிருக்கும்.

இதைப் படத்தில் கண்டுபிடிக்க முடியும். சிவப்பு 255-இல் நின்றுவிட்ட பிறகும் பச்சை தொடர்ந்து ஏறும். அதனால் கன்னத்தின் பழுப்பு மெல்ல மெல்ல வெளிராமல், ஒரு கட்டத்தில் திடீரென்று மஞ்சள் திட்டாக மாறும். மேக்கப் சரியில்லை என்று அழகுக்கலைஞர் மேல் பழி விழுவது பல நேரம் இந்தத் திட்டுக்காகத்தான். மேடைக்குப் போகுமுன் மெனுவில் மூன்று நிற ஹிஸ்டோகிராமை வரவழைத்துவிடுங்கள். சிவப்பு வரைபடம் வலது சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றால், அது சேலையின் சிவப்பா முகத்தின் சிவப்பா என்று முன் சொன்ன சோதனைப் படத்தால் உறுதிசெய்துகொள்ளலாம். சேலை என்றால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளலாம். முகம் என்றால் இரண்டு ‘கிளிக்’ இறக்க வேண்டியதுதான். நகைகளின் மின்னல் 255-ஐத் தொடுவதைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம். தங்கம் மின்னாவிட்டால்தான் சண்டை வரும்.

இறக்குவதற்கு முன் ஒயிட் பேலன்ஸைப் பாருங்கள். ராவில் எடுத்தாலும் கேமரா காட்டும் ஹிஸ்டோகிராம் ராவினுடையது அல்ல. அது உள்ளே தயாராகும் சிறு ஜேபெக்கின் ஹிஸ்டோகிராம். ஒயிட் பேலன்ஸ், கான்ட்ராஸ்ட், வண்ணச் செறிவு எல்லாம் ஏறிய பிறகுதான் அது வரையப்படுகிறது. மஞ்சள் விளக்கில் நின்றுகொண்டு வெயிலுக்கான ஒயிட் பேலன்ஸில் வைத்திருந்தால், ராவில் சிவப்பு பத்திரமாக இருக்கும்போதே வரைபடத்தில் முட்டியதாகக் காட்டும். முதலில் ஒயிட் பேலன்ஸை விளக்குக்கு ஏற்ப வைத்து, பட பாணியை நியூட்ரலுக்கு மாற்றினால் வரைபடம் உண்மைக்கு நெருங்கி வரும். அப்போதும் ராவில் வலப்பக்கம் இன்னும் கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். எவ்வளவு என்பது கேமராவுக்குக் கேமரா வேறுபடும். அந்த மிச்சத்தை நம்பி மலையை வலது ஓரம் வரை தள்ளி எடுத்து, பிறகு இறக்கிக்கொள்ளும் உத்தி ஒன்று உண்டு. நிலக்காட்சிக்கு அது பயன்படும். ஓமப் புகைக்கு நடுவே, ஒவ்வொரு கணமும் ஒளி மாறும் இடத்தில், முகத்தை வைத்து அந்தச் சூதாட்டம் ஆட நான் சொல்லமாட்டேன்.

ஒரு முகத்துக்கு இவ்வளவு என்றால், இரண்டு பேர் சேர்ந்து நிற்கும்போது? மேக்கப்போடு மணப்பெண், மேக்கப் இல்லாமல் பக்கத்தில் மாப்பிள்ளை. இருவருக்கும் தனித்தனியே சோதனைப் படம் எடுத்தால், இரண்டு மலைகளுக்கும் இடையே அரை ஸ்டாப்போ ஒன்றோ இடைவெளி இருக்கும். அவர்களின் இயல்பான நிற வித்தியாசம் அது என்றால் அப்படியே இருக்கட்டும். மேக்கப்பும் விளக்கும் சேர்ந்து அதை அதிகமாக்கியிருந்தால் கேமராவில் செய்வதற்கு எதுவும் இல்லை, எக்ஸ்போஷர் இருவருக்கும் ஒன்றுதானே. வெளிர்ந்த முகத்தின் சிவப்பு முட்டாத அளவில் அமைப்பை நிறுத்திவிட்டு, விளக்கை மாப்பிள்ளைப் பக்கம் நகர்த்த வேண்டும். ஜன்னல் வெளிச்சம் என்றால் இருவரையும் இடம் மாற்றி, மாப்பிள்ளையை ஜன்னலுக்கு அருகே நிற்க வைக்கலாம். “பொண்ணு இந்தப் பக்கம்தான் நிக்கணும்” என்று பெரியவர்கள் யாராவது குறுக்கிட்டால், ஜோடியை அப்படியே விட்டுவிட்டு, மாப்பிள்ளையின் நிழல் பக்கத்தில் ஒரு வெள்ளை தெர்மாகோல் பலகையைப் பிடிக்கச் சொல்லி, மறுபடியும் முகத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். மலை எவ்வளவு நகர்ந்தது என்பது உடனே தெரிந்துவிடும்.